தூண்ல இருக்க சிலைய அடையாளம் பாக்கது எப்டி? எங்க பாட்டாகிட்ட திட்டு வாங்கி நான் படிச்சது

எங்க பாட்டா மயிலாடில அம்பது வருஷத்துக்கு மேல உளி புடிச்சவரு. ஆனா எனக்கு போன வருஷம் வரைக்கும் கோயில் தூண்ல பிள்ளையாரத் தவிர ஒண்ணும் தெரியாது, அவர மட்டும் தும்பிக்கைய வச்சு கண்டுபுடிச்சிருவேன். மிச்சம் எல்லாம் "ஏதோ சாமி" தான். நானே படிச்சுக்கலாம்னு ஒரு ஞாயித்துக்கெழம நேரா சுசீந்திரம் போனேன், அங்க கூட்டத்துல இடிபட்டு, உள்ள ஃபோன் எடுக்கக்கூடாதுன்னு அப்புறமா தெரிஞ்சு, கழுத்து வலியோட வீட்டுக்கு வந்தேன். பாட்டா திண்ணையில இருந்துட்டு, "ஆனா ஆவன்னா தெரியாம ஏன் மக்ளே பெரிய புஸ்தகத்தத் தூக்குன"ன்னு சிரிச்சாரு. அதுக்கப்புறம் ஒரு மாசம், ஒவ்வொரு ஞாயிறும் அவரு பின்னாடி போயி, ஒரே ஒரு தூணப் படிச்சேன். ஒரே ஒரு தூண் தான். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்னு அதை வரிசையா எழுதுறேன்.

1. சின்ன கோயில், வெளி மண்டபம், ஒரு தூண்

பெரிய கோயில்ல ஆரம்பிக்காதீங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஊருக்கு ஒரு பழைய சிவன் கோயிலோ கிருஷ்ணன் கோயிலோ இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது, அங்க முன் மண்டபத்துல நாலு தூணாவது இருக்கும். அதுல மூணு சதுரம் உள்ள தூணா பாத்துப் புடிங்க. அடியில ஒரு சதுரம், நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு, ரெண்டு சதுரத்துக்கு நடுவுல எட்டுப்பட்டையா செதுக்கி விட்டிருப்பாங்க, அந்த எட்டுப்பட்டைக்கு கட்டுன்னு பேரு. சதுரம் ஒண்ணுக்கு நாலு மொகம், மூணு சதுரத்துக்கு பன்னெண்டு மொகம், அப்போ பன்னெண்டு சிற்பம். தொடக்கத்துக்கு இது தாராளம்.

சுசீந்திரத்துல பாவை விளக்கு வரிசை, இசைத் தூண், தூண்ல பெண் உருவப் பிள்ளையார்னு எல்லாம் இருக்கு தான், ஆனா அது மூணாவது நாலாவது மாசத்துக்கு. திருவட்டாறும் அப்டித்தான், பிரகாரத்துல எறங்குனா தூண் தூணா போயிட்டே இருக்கும், எதைப் பாத்தோம்னே மறந்துரும்.

2. கையில என்ன வேணும், பேப்பர் வேல என்ன

கோடு போடாத நோட்டு ஒண்ணு, ரெண்டு பென்சில், ஒரு சின்ன டார்ச். எனக்கு எல்லாம் சேத்து முன்னூறு ரூபாக்குள்ள முடிஞ்சுது, அதுல டார்ச்சு தான் பாதி. ஃபோன் டார்ச்சே போதும்னு நெனச்சேன், ஆனா ஃபோனக் கையில பாத்தாலே படம் புடிக்கான்னு சத்தம் போடுவாங்க, அதனால தனி டார்ச் நல்லது. ஆம்பளைங்க சட்டைய கழட்டிட்டு உள்ள போற வழக்கம் நம்ம மாவட்டத்துல நெறைய கோயில்ல உண்டு, வேட்டியோட போங்க.

சும்மா பாத்து வரைய எந்த அனுமதியும் எங்கிட்ட யாரும் கேக்கல, பூசாரிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். ஆனா படம் எடுக்கணும்னா கோயில் நிர்வாகத்துக்கு எழுதிக் குடுத்துத் தான் ஆகணும். லெட்டர்ல உங்க பேரு, அட்ரஸ், எந்த மண்டபம், எந்த நாளு, எதுக்குன்னு எழுதுங்க, ஃபிளாஷ் போடமாட்டேன், கருவறை பக்கம் எடுக்கமாட்டேன்னு ஒரு வரி சேருங்க, ஆதார் நகல் ஒண்ணு வைங்க. இதுல நான் மாட்டுன எடம் என்னன்னா, ஒரே ஒரு காப்பி குடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போனா அப்டி ஒரு லெட்டரே வரலன்னுட்டாங்க. திரும்ப முதல்ல இருந்து. அதனால ரெண்டு காப்பி எடுங்க, ஒண்ணுல சீல் வாங்கி நீங்க வச்சுக்கோங்க. பதில் வர்ற வரைக்கும் வரைஞ்சு பழகுங்க, சொல்லப்போனா படம் இல்லாத அந்த ரெண்டு வாரத்துல தான் எனக்கு கண்ணே தெறந்துச்சு.

சுண்ணாம்பு, சாக்பீஸ், எண்ண, தண்ணி, எதையும் கல்லுல தடவாதீங்க. வெள்ளையா தடவுனா உருவம் தெளிவா தெரியும்னு யாராவது சொல்லுவாங்க. நான் கைப்பைல சாக்பீஸ் எடுத்துட்டுப் போனத பாட்டா பாத்துட்டு அன்னைக்கு முழுக்க எங்கூட பேசல.

3. வெளிச்சம் நேரா விழக்கூடாது, உரசணும்

மொத நாள் நான் கெழக்கு மொகத்துல நின்னு அரை மணி நேரம் பாத்தேன், காலைல ஏழரை மணி வெயில் பளீர்னு அடிக்குது, சிற்பம் மட்டும் மாவு தடவுன மாதிரி தட்டையா இருக்கு. பாட்டா ஒண்ணும் சொல்லாம என் தோளப் புடிச்சு தூணோட தெக்குப் பக்கம் திருப்பி விட்டாரு. அங்க வெயில் கல்லு மேல பக்கவாட்டுல உரசிட்டுப் போகுது, ஒவ்வொரு விரலுக்கும் நெழல் விழுது, கழுத்துல கெடக்க மாலையில முத்து எண்ணலாம்.

காரணம் லேசு தான். வெயில் நேரா அடிச்சா மேடும் பள்ளமும் ஒரே வெளிச்சமா இருக்கும், சாஞ்சு விழுந்தா மேட்டோட நெழல் பள்ளத்துல விழும். அதனால கெழக்க பாத்த மண்டபத்துல காலைல வடக்கு, தெக்கு மொகத்த பாருங்க. அதுலயும் மார்கழி பக்கம் சூரியன் தெக்க சாஞ்சு உதிக்கும், அப்போ தெக்கு மொகம் நல்லா தெரியும், வைகாசி ஆனில வடக்கு மொகம். மத்த மொகத்துக்கு டார்ச்ச கல்லோட ஓரத்துல, கன்னத்தோட கன்னம் வச்ச மாதிரி புடிச்சு அடிங்க. நேரா அடிச்சீங்கன்னா வெயில்ல ஆன கதி தான்.

காலைல கோயில் தெறந்ததுல இருந்து ஒம்பது மணி வரைக்கும் தான் நல்ல நேரம். கெளம்புறதுக்கு முன்னாடி நடை சாத்துற நேரத்த போர்டுல பாத்துக்கோங்க, விசேஷ நாள்னா மாறும்.

4. ஒவ்வொரு மொகத்துக்கும் அட்ரஸ் போடுங்க

நோட்டுல பன்னெண்டு கட்டம் போட்டு "தெக்கு-நடு", "வடக்கு-கீழ்"னு எழுதிருங்க. இத செய்யாம நான் மொத வாரம் எழுதுன நாலு பக்கமும் வேஸ்ட், எது எந்தப் பக்கம்னு வீட்டுக்கு வந்தா தெரியல.

இங்க ஒரு பொறி இருக்கு. அடிச் சதுரத்தோட மேல் மூலையில நாலு பக்கமும் பாம்பு படம் எடுத்த மாதிரி சின்னதா ஒண்ணு துருத்திட்டு நிக்கும். நான் நாலையும் "நாகர்"னு எழுதி வச்சேன். பாட்டா பாத்துட்டு, "அது சாமி இல்ல மக்ளே, நாகபந்தமாக்கும். சதுரம் எட்டுப்பட்டையா மாறுற எடத்துல மூலைய மொட்டையா விட்டா நல்லாருக்காதுன்னு வைக்கது, கேட்டியா"ன்னாரு. எல்லா மூலையிலயும் ஒரே மாதிரி இருந்தா அது அலங்காரம்னு எடுத்துக்கோங்க.

5. சாமியோட மொகத்த கடைசியா பாருங்க

நம்ம கண்ணு மொதல்ல மொகத்துக்குத் தான் போகும். ஆனா தூண்ல மொதல்ல தேயிறதும் மொகம் தான், மூக்கு துருத்திட்டு இருக்கும்லா, போறவன் வர்றவன் எல்லாம் தொட்டுக் கும்பிட்டு, எண்ணையும் குங்குமமும் அப்பி, கடைசில எல்லா சாமிக்கும் ஒரே மொகம். பாட்டா சொன்ன வரிசை கால், கை, தலை.

கால்ல நிக்காரா, உக்காந்திருக்காரா, நடக்காரா, கீழ மிருகம் இருக்கா, ஆள் கெடக்கானா. அப்புறம் கை எத்தனை, எந்தக் கையில என்ன. கடைசில தலையில என்ன. உயரமா குல்லா கவுத்த மாதிரி கிரீடம்னா பெருமாள் பக்கம் போங்க, சடைய சுத்திக் கட்டி உயர்த்துன மாதிரி இருந்தா சிவன் பக்கம், பானைய ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து அடுக்கி மேல போகப் போக சின்னதாச்சுன்னா அது கரண்ட மகுடம், பெரும்பாலும் அம்மனுக்கு, சில நேரம் முருகன் பிள்ளையாருக்கும் வரும்.

வலது இடதுல கவனம். சாமியோட வலது நமக்கு இடது. பெருமாளுக்கு மேல் வலக்கையில சக்கரம், மேல் இடக்கையில சங்கு. சிவனுக்கு மேல் வலக்கையில மழுங்கிற கோடாலி, மேல் இடக்கையில மான். நான் நோட்டுல எல்லாத்தையும் மாத்தி எழுதி ஒரு வாரம் வீணாப் போச்சு, அப்புறம் பாட்டா, தூணுக்கு முதுகக் காட்டி அந்த சாமி மாதிரியே கையத் தூக்கி நில்லுன்னாரு. கோயில்ல நாலு பேரு பாத்தாங்க, பரவால்ல, அதுக்கப்புறம் தப்பே வரல.

சங்கு சக்கரம் இருந்தாலே பெருமாள்னு முடிவு கட்டாதீங்க. எங்க தூண்ல "மேக்கு-மேல்" மொகத்துல சங்கு சக்கரம் ரெண்டும் இருந்துச்சு, நான் உடனே எழுதிட்டேன். பாட்டா காலப் பாத்தியான்னாரு. காலுக்குக் கீழ எருமத் தல. துர்க்கை. மார்க்கச்சு, கரண்ட மகுடம் எல்லாம் அப்புறமா தான் என் கண்ணுக்கே தெரிஞ்சுது.

6. நாயா, மானா: "தெக்கு-நடு" மொகத்த முழுசா படிக்கலாம்

இது தான் எனக்கு ரெண்டு ஞாயிறு எடுத்த மொகம். துணியில்லாம ஒரு ஆளு நிக்காரு. இடுப்புல பாம்பு. நாலு கை. ஒரு கையில மண்டையோடு மாதிரி ஒரு கிண்ணம். பக்கத்துல ஒரு மிருகம், அதுக்குத் தல ஒடஞ்சு போச்சு. நான் யோசிக்கவே இல்ல, துணியில்ல, மண்டையோடு, பக்கத்துல நாய், "பைரவர்"னு எழுதி அடியில கோடும் போட்டேன்.

பாட்டாவுக்கு ஒரு கண்ணுல புரை. அவரு டார்ச்செல்லாம் கேக்கல. வலது கை ஆள்காட்டி விரல அந்த ஆளோட காலுக்கு அடியில வச்சு மெல்ல இழுத்தாரு, நின்னாரு, திரும்ப இழுத்தாரு. "இங்க தொட்டுப் பாரு"ன்னு என் விரலப் புடிச்சு வச்சாரு. பாதத்துக்கும் தரைக்கும் நடுவுல அரை விரக்கட கனத்துக்கு ஒரு பலகை. பெருவிரலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன குமிழ்.

"என்ன பாட்டா இது?"

"குறடு. பைரவன் செருப்பு போட்டு நீ எங்க பாத்த?"

அப்புறம் மிருகத்துக்கு வந்தாரு. தல இல்லாட்டாலும் மிச்சம் எல்லாம் பேசுது. பின்னங்கால்ல ஊனி எழும்பி நிக்குது, கழுத்து மேல போகுது. வாலு குட்டையா ஒட்டிட்டு இருக்கு. நாயின்னா பொதுவா ஆளுக்குப் பின்னாடி குறுக்க, நாலு கால்ல நிக்கும், வாலு சுருண்டு மேல ஏறும். முன் வலக்கை எங்க போகுதுன்னு பாருன்னாரு. கை நேரா கீழ எறங்கி, விரல் குவிஞ்சு, ஒடஞ்சு போன அந்த வாய்கிட்ட முடியுது. புல்லுக் குடுக்காரு. அது மான். எடது காலுக்குப் பக்கத்துல நான் கல்லுப் பிசிறுன்னு நெனச்சத பாத்தா, தலையில பாத்திரத்தத் தூக்கிட்டு நிக்க ஒரு குட்டிப் பூதம். எடது கால் கொஞ்சம் முன்ன வந்து முட்டி மடங்கிருக்கு, ஆளு நிக்கல, நடக்காரு.

வீடு வீடா நடந்து பிச்சை எடுக்கப் போற சிவன், பிச்சாடனர். துணியில்லாதது, இடுப்புப் பாம்பு, மண்டையோடு, உடுக்கை, சூலம் எல்லாம் ரெண்டு பேருக்கும் பொது, அத வச்சு முடிவு எடுக்கவே கூடாது. குறடு, மான், பூதம், நடை இதுல கொறஞ்சது ரெண்டு இருந்தா பிச்சாடனர். நாய், வெறுங்கால், தீ மாதிரி நிக்க முடி, வாயோரத்துல கோரப்பல் இருந்தா பைரவர். அதே மண்டபத்துல அடுத்த தூண்ல பைரவர் இருந்தாரு, ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்ததுல தான் எனக்கு மனசுல நின்னுது. உங்களுக்கும் ரெண்டும் ஒரே எடத்துல கெடச்சா விடாதீங்க.

7. உருவம் தேஞ்சு போச்சுன்னா மொகத்தால அளந்து பாருங்க

"வடக்கு-கீழ்" மொகம் சோப்பு கரைஞ்ச மாதிரி இருந்துச்சு. தொப்பையோட ஏதோ உக்காந்திருக்கு, அவ்வளவு தான். பிள்ளையாரா, பூதமா?

சிற்பிங்களுக்கு தாலம்னு ஒரு கணக்கு உண்டு. நெத்தில முடி தொடங்குற எடத்துல இருந்து தாடை வரைக்கும் ஒரு மொகம், அது ஒரு தாலம். சிவன், பெருமாள் மாதிரி பெரிய தெய்வம்னா மொத்த உயரம் பத்து மொகம் கிட்ட வரும், மத்த தெய்வங்களுக்கு ஒம்பது பக்கம், பிள்ளையாருக்கு அஞ்சு, பூதத்துக்கு நாலு. பாட்டா கட்டவிரலயும் ஆள்காட்டி விரலயும் விரிச்சு மொகத்த அளந்து, அதே அளவ கீழ வரைக்கும் வச்சுட்டே வந்தாரு. உக்காந்த உருவம்ங்கிறதால தொடையயும் முழங்காலுக்குக் கீழயும் தனித்தனியா அளந்து கூட்டணும், நான் தலையில இருந்து தரை வரைக்கும் நேரா அளந்து மூணுன்னு சொல்லி திட்டு வாங்குனேன். கூட்டுனா அஞ்சு கிட்ட வந்துச்சு. அதுக்கப்புறம் காது இருந்த எடத்துல டார்ச்ச சாச்சு அடிச்சா முறம் மாதிரி அகலமா ஒரு விளிம்பு. பிள்ளையார்.

இத ரொம்ப நம்பிறாதீங்க. கருவறைச் சிலைக்குப் பாக்குற கணக்க தூண் சிற்பத்துல எல்லாரும் அப்டியே பாக்க மாட்டாங்க, எடம் பத்தாட்டி கால சுருக்கிருவாங்க. கணக்கு மட்டும் சொன்னா பத்தாது, காதோ கையோ ஏதாவது ஒண்ணு கூட சேந்து சொல்லணும்.

8. பன்னெண்டையும் கோத்து கதை கட்டாதீங்க

மூணாவது வாரம் எனக்குக் கொஞ்சம் திமிரு ஏறிருச்சு. பிச்சாடனருக்கு மேல ஒரு முனிவர், கீழ வெண்ண தின்னுற கிருஷ்ணன், எல்லாத்தையும் சேத்து நானே ஒரு புராணம் எழுதிட்டுப் போயி வாசிச்சேன். பாட்டா முழுசா கேட்டாரு. "கொள்ளாம். ஆனா செதுக்குனவனுக்கு இது தெரியாதே."

பெரும்பாலான தூண்ல ஒவ்வொரு மொகமும் தனித்தனி. தொடர்கதையா இருந்தா ஒரே ஆளு, ஒரே கிரீடம், ஒரே ஆயுதத்தோட அடுத்தடுத்த மொகத்துல திரும்பத் திரும்ப வருவாரு, அப்டி வந்தா மட்டும் சேத்துப் படிங்க. திருப்பணி நேரத்துல தூணக் கழட்டி மாட்டும்போது தெச மாறிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால "கெழக்க பாத்திருக்காரு, அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு"ன்னு எல்லாம் போகாதீங்க.

சிலது வெளையாட்டுக்குன்னே செதுக்குனது. "கெழக்கு-கீழ்"ல ரெண்டு மிருகம் மோதிட்டு நிக்குது, ஆனா தல ஒண்ணு தான். பாட்டா எடப்பக்க ஒடம்ப உள்ளங்கையால மூடுனாரு, யானை. கைய எடுத்து வலப்பக்கத்த மூடுனாரு, காள. யானையோட தும்பிக்கையும் தந்தமும் தான் அந்தப் பக்கம் காளையோட திமிலும் கொம்புமா மாறுது. ரிஷப குஞ்சரம்னு பேரு. நான் ஒரு பத்து தடவ மூடி மூடித் தெறந்துட்டே இருந்தேன், பூசாரி வந்து நடை சாத்தணும்னு சொல்ற வரைக்கும்.

9. தெரியாத கட்டத்த காலியா விடுங்க

கடைசி ஞாயிறு பதினொண்ணு முடிஞ்சு "வடக்கு-மேல்" மட்டும் பாக்கி. அதுல ஒரு ஆளோட வெளிக்கோடு மட்டும் இருக்கு, மொகம் இல்ல, கையில ஒண்ணும் இல்ல. தேஞ்சு போச்சுன்னு எழுதிட்டேன். பாட்டாவுக்கு எட்டாத உயரம், ஒரு ஸ்டூலக் கேட்டு வாங்கி நான் புடிச்சுக்க அவரு ஏறுனாரு. எழுவத்தெட்டு வயசுல வேண்டாம்னு சொன்னா கேட்டாத்தான.

"தேயல மக்ளே. தேஞ்சா வழுவழுன்னு இருக்கும். இங்க பாரு, உளி கொத்துன புள்ளி ஒவ்வொண்ணும் இன்னும் விரல்ல குத்துது. இவன் கோடு போட்டு, சுத்தி கொத்தி எறக்கி, அதோட வச்சுட்டுப் போயிட்டான்."

"ஏன் பாட்டா?"

"சம்பளம் வரல்லியோ, பொஞ்சாதிக்கு சொகமில்லியோ, எனக்கென்ன தெரியும். சவத்த விடு, ஸ்டூல ஆட்டாத."

எறங்கி வந்து நோட்ட வாங்கிப் பாத்தாரு. நான் பழைய எழுத்த அடிச்சுட்டு "முடிக்கல"ன்னு எழுதிருந்தேன். பென்சில வாங்கி அதுக்குப் பக்கத்துல, கல்லுல இருந்த அதே வெளிக்கோட்ட, கை நடுங்காம, ஒரே இழுப்புல வரைஞ்சு குடுத்தாரு.